கேட்டது கிடைத்ததும் கேள்வி மாறினால்

கேள்வி: நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. டவுன் நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களின் குடியுரிமை 1948 இல் பறிக்கப்பட்டது என்று அங்கே பேசினேன். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "எந்தச் சட்டத்தில் தமிழர் என்று எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அடுத்த கூட்டத்துக்குச் சட்டத்தைக் கொண்டுபோனேன். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே, விண்ணப்பிக்கவும் வழி கொடுத்தார்களே" என்றார். விண்ணப்பித்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிக்கொண்டு போனால், "அதுதான் 2003 இல் எல்லாருக்கும் கொடுத்தாயிற்றே" என்கிறார். இடையில், "நம்மட ஆட்கள் இத்தாலிக்குப் போகிறார்கள், இறங்கியவுடன் குடியுரிமை கொடுக்கிறார்களா, அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. தலைவர் "இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது" என்று கூட்டத்தை முடித்துவிட்டார். அவர் பேச்சில் ஏதோ பிழை இருப்பது தெரிகிறது, எங்கே என்று பிடிக்க முடியவில்லை. வயதில் மூத்தவர். மரியாதை குறையாமல் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: தங்கச்சி, நான் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறவன். போலிகள், அதாவது சரிபோலத் தோன்றும் பிழையான வாதங்கள், என்ற பாடம் வரும்போது பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒரு உண்மையான வாதத்துக்குள் அது எந்த இடத்தில் நுழைந்தது என்று காட்டச் சொன்னால் தடுமாறுவார்கள். உங்கள் சிக்கலும் அதுதான். அந்த ஐயா சொன்னவற்றில் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது, போலிச் சமன் சில இருக்கின்றன, இலக்கை நகர்த்திய இடம் ஒன்று தெளிவாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பார்த்ததால்தான் பிழை கைக்கு அகப்படவில்லை, கோபம் மட்டும் வந்தது.

முதலில் நியாயமான கேள்வியை எடுப்போம். "தமிழர் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. இதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்: "இல்லை ஐயா, அந்தச் சொல் சட்டத்தில் இல்லை." இப்படி ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவோமோ என்று பயப்படத் தேவையில்லை. நீங்கள் மறுத்துக்கொண்டே இருக்கும்வரை அவர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். ஒப்புக்கொண்ட அந்த நிமிடத்தில் அவருடைய முதல் கேள்வி தீர்ந்துவிடும், இனி அங்கே திரும்பி வர முடியாது.

அடுத்து உங்கள் சொந்த வாக்கியத்தைப் பாருங்கள். "குடியுரிமை பறிக்கப்பட்டது" என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் 1948 நவம்பர் 15 இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் இலங்கைக் குடியுரிமை என்று ஒன்று யாருக்கும் இருக்கவில்லை. எல்லாரும் பிரித்தானியப் பிரஜைகள். கச்சேரியில் இருந்த ஒருவருக்கு இது நன்றாகத் தெரியும். "இல்லாததை எப்படியம்மா பறிப்பது?" என்று அவர் கேட்டால், நீங்கள் உடனே "வாக்குரிமையைப் பறித்தார்களே" என்பீர்கள். அந்த இடத்தில் இலக்கை நகர்த்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஆகவே முதலிலேயே நிலைக்கக்கூடிய வாக்கியமாகச் சொல்லுங்கள். என் ஆலோசனை இது: "தோட்ட மக்களில் ஒரு பெரும் பகுதியினருக்கு இருந்த வாக்குரிமை இல்லாமல் போனது. புதிதாக உருவான குடியுரிமைக்கு வெளியே இலட்சக்கணக்கானோர் நிறுத்தப்பட்டு நாடற்றவர் ஆனார்கள்."

இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடியுரிமையோடு கட்டிப்போட்டது. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனம்கூட இல்லை. ஆட்கள் அதே லயத்தில் இருந்தார்கள், அதே மலையில் கொழுந்து பறித்தார்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் மட்டும் இல்லை.

சரி, இப்போது போலிச் சமனுக்கு வருவோம். இரண்டு விடயங்களுக்கு இடையில் உண்மையாகவே இருக்கும் ஒரு ஒற்றுமையைக் காட்டி, அதனால் அவை எல்லா வகையிலும் ஒன்று என்று முடித்துவிடுவதுதான் போலிச் சமன். அதில் ஒரு துண்டு உண்மை எப்போதும் இருக்கும். அதனால்தான் அதை "பொய்" என்று முகத்துக்கு நேரே சொன்னால் கேட்பவர்களுக்கு நீங்கள்தான் அநியாயமாகப் பேசுவதாகத் தோன்றும். ஒற்றுமை எது, வேறுபாடு எது, அந்த வேறுபாடு நாம் பேசும் முடிவைப் பாதிக்கிறதா என்று மூன்றையும் அதே ஒழுங்கில் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். உலகத்தில் எந்த இரண்டு விடயமும் ஏதாவது ஒரு வகையில் வேறுபடும். வேறுபாடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒப்பீடு பிழையாகிவிடாது.

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்பதை இப்படி வைத்துப் பார்ப்போம். ஒற்றுமை: சட்டத்தின் வரி எல்லாருக்கும் ஒன்றுதான், அது உண்மை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகன் ஆவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வேறுபாடு: தலைமுறை தலைமுறையாக ஒரே கிராமத்தில் இருக்கும் ஒரு விவசாயிக்கு இந்த வரி வெறும் சம்பிரதாயம். அவர் இலங்கையர் என்பதை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. தோட்டத்தில் பிறந்தவருக்கோ தகப்பன் எந்த ஊரில் பிறந்தார் என்பதே கேள்வி. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவரின் மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே கிழவனாகியிருந்தாலும் அந்த வரிக்குள் வரமாட்டார். தகப்பனும் இங்கே பிறந்தவர் என்றால் தாளைக் காட்ட வேண்டும், அது பலரிடம் இல்லை. இந்த வேறுபாடு நம் முடிவைப் பாதிக்கிறதா? நாம் பேசுவது யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பது பற்றி. ஆகவே முழுமையாகப் பாதிக்கிறது. வரி ஒன்று, அதன் விளைவு விழுந்த இடம் வேறு.

இந்த இடத்தில் அவர் வலுவான ஒரு துரும்பை எடுக்கக்கூடும், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். கோடாகன் பிள்ளை வழக்கில் அன்றைக்கு இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் 1953 இல் இந்தச் சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. இந்தச் சட்டம் அந்தத் தடையை மீறவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. தன் பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிக்க ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிமை இருக்கிறது என்ற அடிப்படையிலேயே அந்தத் தீர்ப்பு அமைந்தது. இதை மறைக்காதீர்கள். அவர் எடுக்குமுன் நீங்களே எடுத்துவிடுவது இன்னும் நல்லது. எடுத்துவிட்டு இதைச் சொல்லுங்கள்: "நீதிமன்றத்துக்கு முன் இருந்த கேள்வி சட்டம் செல்லுமா என்பது. நமக்கு முன் இருக்கிற கேள்வி மக்களுக்கு என்ன நடந்தது என்பது. முதலாவதற்கு ஆம் என்று பதில் வந்ததால் இரண்டாவதில் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது." சட்டப்படி செல்லுபடியாவதும் பாதிப்பில்லாமல் இருப்பதும் ஒன்றே என்று வைப்பதும் ஒரு போலிச் சமன்தான். இது படித்தவர்கள் வாயிலேயே அதிகம் வரும்.

"விண்ணப்பிக்க வழி கொடுத்தார்களே" என்பதும் அதே குடும்பம். வழி இருந்தது உண்மை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் அதற்காகவே வந்தது. விவாகமானவர் 1946 ஜனவரி 1 க்கு முந்திய ஏழு வருடமும் விவாகமாகாதவர் முந்திய பத்து வருடமும் தொடர்ச்சியாக இங்கே வதிந்ததைக் காட்ட வேண்டும், விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரைக்கும் குடியுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். கதவு இருந்ததையும் கதவு திறந்திருந்ததையும் ஒன்றாக்க முடியாது. ஆனால் எண்களை அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். கூட்டத்தில் ஒரு எண்தான் மனதில் நிற்கும். நான் என்றால் 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் எண்ணை எடுப்பேன். இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் 9,75,000 பேரைப் பற்றிப் பேசி, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974 இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை என்றால் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கிட்டது யாரை? இந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். பதில் வரும்வரை வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

இத்தாலிக்கு வருவோம். உங்களுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் ஒற்றுமையை முதலில் கொடுத்துவிடுங்கள். இரண்டு கூட்டமும் பிழைப்புக்காகக் கடல் கடந்தது உண்மை. போய் இறங்கிய நாடு உடனே குடியுரிமை கொடுக்கக் கடமைப்பட்டதில்லை என்பதும் பொதுவாக உண்மை. அப்புறம் வேறுபாட்டை எடுங்கள், ஒன்று போதும் என்றால் இதை எடுங்கள்: இத்தாலிக்குப் போனவர் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கிறது. அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவருக்குத் திரும்பி வர ஒரு நாடு இருக்கிறது. 1948 க்குப் பிறகு தோட்டத்தில் இருந்தவரை இலங்கை தன் குடிமகன் என்று சொல்லவில்லை, இந்தியாவும் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு எந்த நாடும் இல்லை. இன்னும் நேரம் இருந்தால் இரண்டாவதையும் சொல்லலாம். இத்தாலிக்குப் போனவர் அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துக்கொண்டிருந்து, பிறகு இடாப்பிலிருந்து நீக்கப்பட்டவர் இல்லை. வந்தவர்கள் மட்டுமல்ல, இங்கேயே பிறந்தவர்களும் இந்தக் கணக்கில் இருந்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் மூன்றில் பலவீனமாகத் தெரிவதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். முதலாவது அசைக்க முடியாதது. அதோடு நிறுத்தலாம்.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவர் செய்யும் ஒவ்வொரு ஒப்பீட்டையும் போலிச் சமன் என்று தள்ளாதீர்கள். உதாரணமாக, "இந்தியாவும் அவர்களை உடனே ஏற்கவில்லையே, பழியை இலங்கை மேல் மட்டும் ஏன் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் அது கனமான கேள்வி. இரண்டு அரசுகளும் ஒரே மக்களைப் பற்றி ஒரே காலத்தில் எடுத்த முடிவுகளை ஒப்பிடுவது தவறில்லை. பொறுப்பு இரண்டு பக்கமும் எவ்வளவு என்று பேசலாம், பேசத்தான் வேண்டும்.

இனி இலக்கை நகர்த்தல். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் ஒரே ஒரு உதாரணம்தான் சொல்வேன். முழுப் பேர் போட, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்க, 18 கிலோ கொழுந்து என்று காலையில் சொல்கிறார்கள். 18 கிலோவோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து நின்றதும், இன்றைக்கு 20 என்கிறார்கள். கொழுந்து குறையவில்லை, அளவு மாறிவிட்டது. வாதத்திலும் அப்படியே. ஒருவர் ஒரு ஆதாரத்தைக் கேட்கிறார், அது கிடைத்ததும் அது கிடைத்ததாகவே காட்டிக்கொள்ளாமல் வேறொன்றைக் கேட்கிறார்.

"கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாமல்" என்பதுதான் அடையாளம். கேள்வி மாறுவது மட்டும் குற்றமில்லை. அறிவுள்ள மனிதர் புதிய தகவல் வந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் செய்வார். "சரி, சட்டம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எத்தனை பேரைப் பாதித்தது?" என்று கேட்டால் அது விசாரணை. "சட்டம் எல்லாம் சரி, விண்ணப்பிக்க வழி இருந்ததே" என்று பழைய கேள்வியை வழியில் போட்டுவிட்டுப் போனால்தான் நகர்த்தல். பலர் இதை வேண்டுமென்று செய்வதில்லை. நாற்பது வருடம் ஒரு நம்பிக்கையோடு வாழ்ந்தவருக்கு ஒரு மூலை இடிந்தால் மனம் தானாகவே அடுத்த மூலைக்குப் போய்விடும். ஆகவே உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். அதை நிரூபிக்கவும் முடியாது, தேவையும் இல்லை.

எப்படிப் பிடிப்பது? நான் விவாத அணிப் பிள்ளைகளுக்குச் சொல்வது: ஆதாரத்தை வெளியே எடுக்குமுன் அளவை உறுதிப்படுத்து. நீங்கள் இரண்டு முறையும் உழைத்து ஆதாரம் கொண்டுபோனீர்கள், ஆனால் அது எதற்கு ஆதாரம் என்று முதலில் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த முறை கைப்பையைத் திறக்குமுன் இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, இவ்வளவு பேர் நாடற்றவர் ஆனார்கள் என்பதற்கு எது இருந்தால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்? அதைச் சொன்னீர்களென்றால் நான் அதையே தேடி எடுத்து வருகிறேன்."

அவர் ஒன்றைச் சொன்னால் கொப்பியில் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, "சரிதானே ஐயா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது அவரை மடக்குவதற்கான வித்தை இல்லை. கச்சேரியில் கோப்பு நகர்ந்ததும் இப்படித்தான், அவருக்கு இது பழகிய ஒழுங்கு. "எது வந்தாலும் ஏற்கமாட்டேன்" என்று சொன்னாரென்றால் அதுவும் உங்களுக்குப் பயன்தான். அவரை மாற்றும் முயற்சி அத்தோடு முடிந்தது. இனி நீங்கள் பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறவர்களோடு.

ஏற்கெனவே நகர்ந்துவிட்ட கேள்விக்கு என்ன செய்வது? புதிய கேள்விக்குப் பின்னால் ஓடாதீர்கள். மறுக்கவும் வேண்டாம். 2003 பற்றி அவர் எடுத்ததும் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "அது நல்ல கேள்வி ஐயா, கட்டாயம் பேசுவோம். அதற்கு முதல், 1948 க்கும் 2003 க்கும் இடையில் அவர்களில் பலரிடம் குடியுரிமை இருக்கவில்லை என்பதை நாம் இரண்டு பேரும் ஏற்றுக்கொள்கிறோமா?" இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். 2003 இல் கொடுத்தார்கள் என்று அவர் சொல்வதற்குள்ளேயே அதுவரை இருக்கவில்லை என்ற ஒப்புதல் இருக்கிறது. அவர் தானாகவே உங்கள் முதல் வாக்கியத்தை ஏற்றுவிட்டார். நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் குரலை உயர்த்தியதால் அந்த ஒப்புதல் காற்றோடு போய்விட்டது. இலக்கை நகர்த்துகிறவர் பெரும்பாலும் இப்படிப் பழைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறார். விட்டுக்கொடுத்த இடத்தில் போய் அமைதியாக நில்லுங்கள்.

அவர் ஆம் என்று சொன்ன பிறகு 2003 ஐப் பேசுங்கள், நேர்மையாகப் பேசுங்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பெரிய விடயம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் அது குடியுரிமை கொடுத்தது. அதற்கு முன் 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் இருந்தது. நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் பெரும்பாலும் தீர்ந்தது அப்படித்தான். ஆனால் "கொடுத்தாயிற்று" என்பதும் "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் சமன் அல்ல. இடையில் 55 வருடம் இருக்கிறது. அந்த வருடங்களில் தலைமன்னார் துறையில் கப்பலேறி இராமேஸ்வரம் போய், கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் தேயிலைக்குள்ளேயே இறங்கிய குடும்பங்களை 2003 சட்டம் திருப்பிக் கூட்டி வரவில்லை. உங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் வீடுகளிலும் அப்படிப் போன பெரியப்பாவோ அத்தையோ இருப்பார்கள். கூட்டத்தில் ஆதாரம் கேட்டால் அந்தக் கதைகளை ஆதாரமாக வைக்காதீர்கள், சட்டமும் ஒப்பந்தமும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டன. யாராவது "அதனால் என்ன?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அவை பதில்.

கோபத்தைப் பற்றி ஒன்று. உங்கள் ஆத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சபையில் ஒரு இளம் பெண்ணின் குரல் மூத்தவருக்கு முன் உயர்ந்தால், நம் ஊரில் அதற்குப் பிறகு ஆதாரத்தை யாரும் பார்ப்பதில்லை, குரலைத்தான் பார்க்கிறார்கள். அது நியாயமில்லைதான். இருந்தாலும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. நடைமுறையில் உதவுகிற ஒரு விடயம், பதில் சொல்லுமுன் அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்வது: "ஐயா சொல்வது, இத்தாலிக்குப் போகிறவர்களுக்கும் குடியுரிமை உடனே கிடைப்பதில்லை, அதனால் இதிலும் குறை சொல்ல முடியாது என்பது. நான் விளங்கிக்கொண்டது சரியா?" அவர் ஆம் என்பார். அதற்குள் உங்கள் மூச்சு ஆறிவிடும். அதைவிட முக்கியம், ஒப்பீடும் முடிவும் தனித்தனியாக எல்லார் காதிலும் விழுந்துவிடும். பல போலிச் சமன்கள் இப்படி நிதானமாகத் திருப்பிச் சொல்லும்போதே தளர்ந்துவிடுகின்றன.

"இது போலிச் சமன்", "நீங்கள் இலக்கை நகர்த்துகிறீர்கள்" என்று பெயர் சொல்லாதீர்கள். பெயர் சொல்வது மறுப்பு ஆகாது. ஒருவர் பிழையாக வாதிட்டார் என்பதாலேயே அவருடைய முடிவு பொய் என்றும் ஆகிவிடாது. பெயரைக் கேட்டதும் பேச்சு விடயத்தை விட்டு அவர் நாணயத்துக்குப் போய்விடும், பிறகு மீட்க முடியாது. பெயர்கள் உங்கள் கொப்பிக்குள் இருக்கட்டும், வாயிலிருந்து வருவது வேறுபாடாக இருக்கட்டும்.

தலைவர் சொன்னதையும் விட்டுவிட முடியாது. "இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது" என்பது சமாதானத்துக்காகச் சொல்லப்பட்டது, நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் வாசித்துக் காட்டக்கூடிய சட்டமும் ஒப்பந்தமும் இருக்கும்போது, மறுபக்கத்தில் ஒரு ஒப்பீடு மட்டும் இருக்கும்போது, இரண்டையும் சம எடையில் வைத்தால் அதுவும் ஒரு போலிச் சமன். கருத்துகளுக்கு நடுவில் நிற்கலாம். நடந்ததா நடக்கவில்லையா என்ற கேள்வியில் நடு என்று ஒன்று இல்லை. இதை சபையில் அவரிடம் சொல்ல வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சந்தித்து, அன்றைக்குப் பேசப்போகும் கேள்விகளைக் கரும்பலகையில் தனித்தனி வரியாக எழுதிப்போடச் சொல்லுங்கள்: 1948 க்கும் 1949 க்கும் பிறகு என்ன நடந்தது? அதற்குப் பொறுப்பு யார் யாருக்கு எவ்வளவு? 2003 க்குப் பிறகு மிச்சம் என்ன? ஒன்றில் முடிவு வந்த பிறகு அடுத்ததுக்குப் போவது என்று அவரே அறிவிக்கட்டும். பலகையில் எழுத்து நிற்கும்போது கேள்வியை நகர்த்துவது கடினம், அவருக்கும் உங்களுக்கும்.

முதல் வரியில் அந்த ஐயா ஏற்றுக்கொண்டாரென்றால் "பார்த்தீர்களா" என்று சொல்லிவிடாதீர்கள், கைதட்டவும் விடாதீர்கள். உடனே மூன்றாவது வரிக்குப் போய் அவரிடமே கேளுங்கள். 1988 சட்டத்தின் கீழும் 2003 சட்டத்தின் கீழும் தாள்கள் கச்சேரிகளுக்கு வந்த காலத்தில் அவர் வேலையில் இருந்திருக்கலாம். பிறப்புச் சான்று இல்லாத ஒருவர் வந்து நின்றால் என்ன செய்தீர்கள் ஐயா, எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அது உங்களுக்கும் எனக்கும் தெரியாத பகுதி, அவருக்குத் தெரிந்திருக்க இடமுண்டு. கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.